கார்டின் கடைசிப் படம்

"கையை எடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கடைக்கு வந்திருந்த புது மாப்பிள்ளை தன் மடிக்கணினியிலிருந்து விரலை வெடுக்கென்று எடுத்தார். கார்டை ஃபார்மட் செய்து வெறுமையாக்கலாமா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கேள்வியைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உதவி செய்கிற மாதிரியே பேசிக் குடியைக் கெடுக்கிற சாதி அது.

"அதுவே கேக்குதே மேடம்?"

"அது கேக்கும். நாம குடுக்கக் கூடாது."

வேண்டாம் என்று அழுத்திவிட்டுக் கேமரா கார்டை உருவினேன். அதன் ஓரத்தில் இருந்த பொடிப் பூட்டை நகர்த்தி, எதுவும் எழுதப்படாதபடி செய்தேன். அதற்குப் பிறகுதான் மூச்சே வந்தது.

கல்யாணம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண்ணும் மாப்பிள்ளையும், பெண்ணின் அம்மாவும் அந்த அம்மாவின் தம்பியும் அழிந்த படங்களை மீட்டுத் தரும் என் கடையில் மேசையைச் சுற்றி நின்றார்கள். போட்டோ எடுத்தவர் அந்தத் தம்பிதான். வெளியாள் எதற்கு, நான் இருக்கிறேனே என்று மார்தட்டியவர் இப்போது சுவரில் இருந்த விளம்பரத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

"படம் உள்ளதான் இருக்கும். எது எங்க இருக்குன்னு கார்டு ஒரு அட்டவணை வெச்சிருக்கும், அது குழம்பிடுச்சு. ஃபார்மட் குடுத்தா புது அட்டவணை போட்டுரும். அப்புறம் நீங்க எடுக்கற புதுப் படம் பழைய படத்து மேலயே போய் உக்காரும். சில கேமரால ஃபார்மட்டே எல்லாத்தையும் துடைச்சிடும்."

"அப்ப என்னதான் பண்றது?" என்றாள் பெண்.

"முழுக் கார்டையும் அப்படியே என் டிஸ்க்குல நகல் எடுப்பேன். தேடறது அந்த நகல்ல. கிடைக்கறதை வேற இடத்துல சேமிப்பேன். தப்பித் தவறிக்கூட இதே கார்டுல இல்ல."

அம்மா ஒரு அடி முன்னால் வந்தார். "கடைசிப் படம் ஒண்ணு கிடைச்சாப் போதும்மா" என்றார்.

மூத்த மகள் வீட்டோடு பேச்சை முறித்துக்கொண்டு வருடக்கணக்காகிறதாம். தங்கை கல்யாணத்துக்கு மட்டும் வந்து, கிளம்பும்போது அம்மாவுக்கு ஒரு பக்கம் நின்றிருக்கிறாள். மறுபக்கம் தங்கை. படம் எடுக்கும்போது அம்மாவின் தோளில் ஒரு கை விழுந்திருக்கிறது.

"திரும்பிப் பாத்தா எடுத்துருவாளோன்னு பயந்து பாக்கவே இல்ல. இப்ப அது யார் கைன்னே தெரியல."

"அக்கா கைதாம்மா! எத்தனை தடவை சொல்றது?"

"நீ என் மனசு ஆறணும்னு சொல்லுவே."

நான் வேலையைப் பார்த்தேன். நகல் எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது. பாதியில் நின்றது. நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள், நான் திரையைப் பார்த்தேன். ஒருவழியாக மறுபடி நகர்ந்தது.

"கார்டை எப்பக் கழட்டினீங்க?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"அது... கடைசிப் படம் எடுத்த உடனே."

"கேமரால லைட் மினுக்கிட்டு இருந்துச்சா?"

அவர் மறுபடி சுவர் விளம்பரத்தின் பக்கம் திரும்பினார். "நான்தான் அவசரப்படுத்தினேன்" என்றார் அம்மா. "அந்தப் படத்தை அனுப்பச் சொன்னா பெரியவ. வாசல்ல வண்டி நின்னுச்சு. சீக்கிரம்டா, சீக்கிரம்டான்னு இவனை..."

லைட் மினுக்கினால் படம் இன்னும் எழுதப்படுகிறது என்று அர்த்தம்.

நகல் முடிந்தது. தேடவிட்டேன். பெயரில்லாமல் படங்கள் வந்து விழுந்தன. மண்டபம், மோதிரம், சிரிப்பு. மாப்பிள்ளை கைதட்டியேவிட்டார். அம்மா அசையவில்லை.

கடைசிப் படத்தைத் திறந்தேன். மேலே விதானம், விளக்கு, மூன்று பேரின் உச்சித்தலை. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

"எழுதி முடிக்கறதுக்குள்ள கார்டு வெளிய வந்துடுச்சு. மிச்சம் கார்டுலயே இல்லம்மா. இல்லாததை யாராலயும் எடுக்க முடியாது."

தம்பி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "அக்கா, என்னை மன்னிச்சிடு" என்றார். அம்மா காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

அப்போதுதான் உறைத்தது. என் மடத்தனத்தை என்ன சொல்ல! கேமரா ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் அதன் சின்ன உருவம் ஒன்றைச் சேர்த்து வைக்கும். படம் அறுந்தது பாதியில்தானே, தொடக்கம் பத்திரமாக இருக்கிறதே!

"கொஞ்சம் இருங்க" என்று அதைத் தனியே பிரித்தெடுத்தேன். தபால்தலை அளவுக்கு ஒரு படம் திரையில் வந்தது. முழுப் படம்.

அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு வெகு அருகில் குனிந்தார். சின்னவளின் இரண்டு கைகளும் பூச்செண்டைப் பிடித்திருந்தன. அம்மாவின் தோளில் இருந்தது மற்றவளின் கை.

"பெருசு பண்ண முடியுமா மேடம்?" என்றார் தம்பி.

"பண்ணினா கலங்கிடும்."

"வேண்டாம்" என்றார் அம்மா. "நல்லாத் தெரியுது."

அவர் நிமிர்ந்தார். "இதை இப்பவே அனுப்பலாமா? அவ கேட்டுட்டுத்தானே போனா."

மூத்த மகளின் எண்ணை எந்தப் போனையும் பார்க்காமல், ஒரு இலக்கம்கூடத் தடுமாறாமல் சொன்னார்.