ஆகஸ்ட் கட்டத்தில் தண்ணீர் இல்லை

மே நடுவில் விதைத்தால் அறுவடை ஆகஸ்ட் கடைசியில் வருகிறது. வாய்க்கால் தண்ணீரோ ஜூலையோடு நின்றுவிடுகிறது. பஸ்மினா பயிர்க் கலண்டரை மறுபடியும் அழித்து எழுதிப் பார்த்தாள். ஆகஸ்ட் கட்டம் வறண்டேதான் கிடந்தது.

அவள் இத்தாவில் இருக்கிறாள். புருஷன் ஹாதிக், சிறுபோகத்துக்கு விதைக்கவிருந்த ஏப்ரல் கிழமையில் மௌத்தாகிப் போனார். விதவை வீட்டோடு இருக்கும் அந்த நாலு மாதமும் பத்து நாளும் முடியும் வரை வாசல் தாண்ட முடியாது. நாவிதன்வெளியில் உள்ள நெல்வயலை இனி அவள் காண்பது அறுப்பு முடிந்த பிறகுதான்.

"சரியான கலண்டர் ஒண்டு போட்டுத் தா, அதுப்படி நான் நிண்டு செய்விக்கிறன். சரிவராட்டி குத்தகைக்குக் குடுத்திருவம்" என்று சொல்லியிருந்தான் அவளுடைய அண்ணன், மூத்த காக்கா பர்ஹான்.

ஹாதிக் சொல்லி வைத்த திட்டத்தில் மாதமே இல்லை. விதைத்து இரண்டாம் கிழமை முதல் உரப் பசளை; கதிர் வரும்போது வயலில் தண்ணீர் குறையக் கூடாது; அறுக்க இரண்டு கிழமைக்கு முன் வடிக்க வேண்டும். அவள் மாதங்களை மேலே வரிசையாக எழுதி, வேலைகளைப் பக்கத்தில் எழுதிக் கோடு போட்டாள். விதைப்பு ஒரு மாதம் பிந்தியதால் எல்லாக் கட்டத்தையும் ஒரு மாதம் தள்ளினாள்.

முதலில் அதைப் பார்த்த பர்ஹான் சிரித்துவிட்டான்.

"நம்மட வேலையத் தள்ளலாம் புள்ள. தண்ணியையும் தள்ளிட்டியே. ஜூலைக் கடைசியில மூடுறதெண்டு விவசாயிகள் கூட்டத்துல முடிவாகிட்டு. மச்சான் மௌத்தானதுக்கு வாய்க்கால் காத்து நிக்குமா?"

சொன்ன பிறகு அவனுக்கே முகம் வாடிவிட்டது. அன்று தண்ணீர்க் கட்டத்தைத் திருத்தியதில் வந்ததுதான் இந்த வறண்ட ஆகஸ்ட்.

இன்று அவள் விதைப்பிலிருந்து எண்ணுவதை விட்டாள். அசையாத கட்டம் ஒன்றுதான்: கடைசித் தண்ணீர். அதை முதலில் எழுதினாள். அதற்கு இரண்டு கிழமை கழித்து அறுவடை. அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே மே நடுவுக்கு வந்தாள். பயிருக்குக் கிடைப்பது மூன்று மாதம்.

அறை மூலையில் ஹாதிக் காயவைத்து, தன் கையால் வாய் தைத்த விதைநெல் மூட்டைகள் இருந்தன. அது மூன்றரை மாத நெல்.

"காக்கா, இதக் குத்திச் சோத்துக்கு வெப்பம்" என்றாள். "விதைக்கு மூண்டு மாத நெல்லு வாங்குங்க."

"மச்சான்ட நெல்லு புள்ள."

"ஓம்."

தைத்த நூலை அவளே பிரித்தாள். நேரம் எடுத்தது, இறுக்கித் தைத்திருந்தார். பிறகு பேனாவை எடுத்துக் கட்டங்களை நிரப்பினாள்:

மே நடுவில் மூன்று மாத நெல் விதைப்பு, மாதக் கடைசியில் முதல் பசளை. ஜூனில் களை, மிச்சப் பசளை. ஜூலையில் கதிர், வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். மாதக் கடைசியில் வடிப்பு. ஆகஸ்ட் நடுவில், காய்ந்த வயலில் அறுவடை.