பன்னிரண்டு சதவீத இடைவெளி

என் தம்பி பொய் சொன்னால் குரல் இனிக்கும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அன்னிக்குக் காலையில் போனில் "அக்கா, சாப்டியா?" என்று தேன் ஒழுகக் கேட்டான். ஏதோ இருக்கிறது என்று எனக்கு அப்பவே தட்டியது.

நான் நர்ஸுகளின் ஓய்வூதிய நிதியில் வேலை பார்க்கிறேன். அவர்கள் மாதாமாதம் கட்டுகிற பணத்தை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்று பார்க்கிற பொறுப்பு என்னுடையது. எங்கள் அம்மாவும் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள்தான். அவளுக்குப் பென்ஷன் வருவதும் இந்த நிதியிலிருந்துதான். தம்பிக்கு ஒரு கட்டுமானக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் பெரிய உத்தியோகம். அந்தக் கம்பெனி புதுசாக ஐந்து வருஷக் கடன் பத்திரம் வெளியிடுகிறது. அதில் நாங்கள் பெரிய தொகை போடலாமா என்று மாலை நாலு மணிக்குக் குழு கூடுகிறது. என் கையெழுத்து இல்லாமல் காரியம் நடக்காது.

"வட்டி எட்டே முக்கால்க்கா. அரசாங்கப் பத்திரம் ஏழுதான் தருது. கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்."

"கண்ணைத் திறந்து பாக்கத்தான்டா எனக்குச் சம்பளம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

கணக்கு என்னவோ ஒழுங்காகத்தான் இருந்தது. அரசாங்கம் கை விரிக்காது, கம்பெனி விரிக்கலாம். அந்தப் பயத்துக்குக் கூலிதான் மேலே கிடைக்கிற ஒன்றே முக்கால். கம்பெனி விழுந்தாலும் நூறுக்கு நாற்பது தேறும், அறுபது போகும் என்பது எங்கள் வழக்கமான அனுமானம். ஒன்றே முக்காலை அறுபது சதவீதத்தால் வகுத்தால், வருஷத்துக்கு நூறில் மூன்று வாய்ப்பு, இவர்கள் கடனைத் திருப்பித் தராமல் போக. எங்கள் நிதி ஏற்கிற வரம்பும் அதே மூன்றுதான். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அப்படியே பொருந்தியது. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், அந்த எட்டே முக்காலை யார் வைத்தது? கம்பெனியே வைத்தது. கடைக்காரன் தானே ஒட்டிய விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுச் சரக்கு நல்லது என்று சொன்னால் எப்படி? சந்தை என்ன சொல்கிறது என்றல்லவா பார்க்கணும்!

எங்கள் நிதிக்காகச் சந்தையில் பத்திரம் வாங்கி விற்கிறவரை எல்லோரும் 'அரைப்புள்ளி' என்பார்கள். வட்டியில் அரைப் புள்ளி வித்தியாசத்துக்கு அரை மணி நேரம் பேரம் பேசுவார். "சார், இவங்களோட பழைய பத்திரம் ஏதாவது கைமாறுதா?" என்றேன்.

"ஒண்ணு இருக்கு மேடம். முடிய இன்னும் சரியா ஒரு வருஷம். யாரும் சீண்ட மாட்டாங்க. ஆனா போன மாசத்துலேருந்து கொஞ்சம் கொஞ்சமா விற்பனைக்கு வந்து விழுது." திரையைத் திருப்பிக் காட்டினார். "அடேங்கப்பா! பதினெட்டு!"

அதாவது அந்தப் பத்திரம் அடிமாட்டு விலைக்கு விழுந்துகிடக்கிறது. இன்றைக்கு நூறு போட்டு வாங்கினால் ஒரு வருஷத்தில் நூற்றுப் பதினெட்டு தருகிறேன் என்று கம்பெனி சொல்கிற நிலை. ஒரு வருஷ அரசுப் பத்திரத்தில் அதே நூறு நூற்றாறாகும். இடைவெளி பன்னிரண்டு சதவீதம்.

பேனாவை எடுத்தேன். கம்பெனி விழுந்தால், தருவதாகச் சொன்ன நூற்றுப் பதினெட்டில் நாற்பது சதவீதம், அதாவது நாற்பத்தேழு சொச்சம்தான் கைக்கு வரும். எழுபத்தொன்று போச்சு. பன்னிரண்டை எழுபத்தொன்றால் வகுத்தேன். நூறில் பதினேழு. ஆறு முகப் பகடையை ஒரு தடவை உருட்டி ஒன்று விழுந்தால் பணம் காலி என்கிற மாதிரி.

"முழுசா நம்பாதீங்க மேடம்," என்றார் அரைப்புள்ளி. "நினைச்சப்போ விக்க முடியாத சரக்கு. அந்தத் தொல்லைக்கும் சேர்த்துதான் மலிவா கேப்பாங்க."

நியாயமான பேச்சு. இந்தக் கணக்கு ஒன்றும் ஆரூடம் இல்லை, விலைக்குள் ஒளிந்திருக்கிற பயத்தை எண்ணாகச் சொல்கிறது, அவ்வளவுதான். சரி, இடைவெளியில் பாதி அந்தத் தொல்லைக்கு என்று தள்ளினேன். அப்பவும் நூறில் எட்டுக்கு மேலே நின்றது. எங்கள் வரம்பு மூன்று.

"விக்கிறது யாரு சார்?"

"எல்லாம் சில்லறை. தனி ஆளுங்க." அந்தப் பழைய பத்திரத்தின் வெளியீட்டு ஆவணத்தைப் புரட்டினார், பிறகு மெதுவாக நிமிர்ந்தார். "மேடம், இது வெளியாளுக்கே விக்கலை. போனஸுக்குப் பதிலா அவங்க அதிகாரிங்களுக்குக் குடுத்தது."

உள்ளே இருக்கிறவர்கள்தான் விழுந்தடித்து விற்கிறார்கள். தம்பியின் போனஸும் அதுதான். அது கிடைத்த அன்று ஸ்வீட் கொடுத்துக் கொண்டாடினானே!

மத்தியானம் எங்கள் ஆபீஸ் எதிரே காபிக் கடைக்கு வரச்சொன்னேன். புதுச் சட்டையில் வந்தான். உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "கையெழுத்துப் போட்டாச்சா?"

"நாலு மணிக்குத்தான். அது கிடக்கட்டும், உங்க கம்பெனியோட ஒரு வருஷப் பத்திரம் பதினெட்டுக்குக் கிடைக்குதாமே?"

கரண்டி நின்றது. "அது... சந்தைக்குப் பைத்தியம்க்கா. நாலு பேரு வீடு கட்டணும்னு அவசரத்துல வித்திருப்பாங்க."

"அதான் நானும் நினைச்சேன். என் நகைச்சீட்டுப் பணம் முழுசா இருக்கு. எல்லாத்தையும் அதுல போட்டுடறேன். ஒரு வருஷத்துல பதினெட்டு! தம்பி கம்பெனி, எனக்கென்ன பயம்?"

நான் சும்மா தூண்டில் போட்டுப் பார்த்ததுதான். மனசுக்குள் மட்டும் வேண்டிக்கொண்டிருந்தேன். 'தாராளமா போடுக்கா'ன்னு சொல்லிடுடா, உன்னைச் சந்தேகப்பட்டதுக்கு நான் வெட்கப்பட்டுக்கறேன்.

அவன் சொல்லவில்லை. காபியைத் தள்ளி வைத்தான். குரலில் இனிப்பு போய்விட்டது.

"வேண்டாம்க்கா."

"ஏன்டா?"

"சொன்னா கேளு. வேண்டாம்."

"உன்னோடது எங்கே?"

"போன மாசமே வித்துட்டேன்." மேஜையைப் பார்த்தே பேசினான். "புதுப் பத்திரம் விலை போனாத்தான் பழசுக்குக் குடுக்கக் காசு. இல்லேன்னா இல்ல. நீ உன் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டாதே."

பாவி! என் மேல் பாசம் இருக்கிறது. இல்லாமல் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

"அப்போ நர்ஸுங்க பணத்தை மட்டும் கொட்டலாமா? காலையில கண்ணை மூடிக்கிட்டுப் போடச் சொன்னியே?"

"அது உன் பணம் இல்லையேக்கா," என்றான், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

அறையலாம் போலவும் இருந்தது, அழலாம் போலவும் இருந்தது.

"அம்மாவோடதுடா," என்றேன்.

அவனுக்கு முதலில் பிடிபடவில்லை. அப்புறம் பிடிபட்டது. அம்மாவின் பென்ஷன் எங்கிருந்து வருகிறது என்பதையே இத்தனை நாளும் அவன் நினைத்துப் பார்க்கவில்லை. முகம் வெளிறிப்போச்சு. "அக்கா... நான் அதை..." என்று ஆரம்பித்தான். நான் காபிக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தேன்.

நாலு மணிக்குக் குழுவின் முன்னால் பன்னிரண்டு சதவீத இடைவெளியை வைத்தேன். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "வெறும் ஒரு விலையை வெச்சா வேண்டாங்கிறீங்க?" என்றார்.

"அது போதும் சார்," என்றேன். "இன்னொண்ணும் சொல்லணும். இந்தக் கம்பெனியில என் தம்பி இருக்கான். இன்னிக்கு மத்தியானம் அவன் எங்கிட்ட ஒண்ணு சொன்னான். அதையும் பதிவு பண்ணிக்குங்க."

மேஜைமேல் என் போன் துடித்தது. திரையில் தம்பியின் பெயர். கவிழ்த்து வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன்.