ஊசி மருந்து குறைந்த வருஷம்

மகள் தேவகிக்கு இன்சுலின் அளவு குறைந்தபோது தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எட்டு வயதில் சர்க்கரை நோய் வந்தபோது நாளைக்கு இருபத்தெட்டு யூனிட். பத்து வயதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பன்னிரண்டு வயதில் பதினாறே போதும் என்றாகிவிட்டது. அதற்கு மேல் போட்டால் சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி மயங்கினாள்.

முருகன் கண் திறந்துவிட்டான் என்று என் கணவர் ஆறுமுகம் தறியை நிறுத்திவிட்டு எங்களை மலைக்கு அழைத்துப் போனார். பன்னிரண்டு வயதுப் பெண் கூச்சமே இல்லாமல் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டாள்.

“பத்து, அஞ்சு, அப்பறம் ஊசியே கெடையாது, இல்லம்மா?” என்றாள்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் வருஷத்துக்கு ஒரு முறை வந்து ரத்தம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். குணமாகிற பிள்ளைக்கு ரத்தம் எதற்கு என்று நான்தான் இரண்டு வருஷமாகத் தட்டிக் கழித்தேன். எட்டு வயதுப் பாவாடை பன்னிரண்டிலும் சரியாக இருந்தது. அடிக்கடி பேதி வேறு. சர்க்கரைக்குச் சோறு ஆகாது என்று மூன்று வேளையும் சப்பாத்தி போட்டேன். தெம்பில்லாமல் இருக்கிறாளே என்று கூட ஒன்று போட்டேன். எனக்குக் கண் எங்கே போனது?

பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்து விழுந்த பிறகுதான் மெட்ராசுக்கு ரயில் ஏறினோம். ரத்தம் எடுத்தார்கள். வாய் வழியே மெல்லிய குழாய் விட்டுக் குடலிலிருந்து துணுக்கும் எடுத்தார்கள்.

முடிவு வந்ததும் டாக்டரம்மா கோபப்படாமல்தான் சொன்னார். கிருமியோடு சண்டை போடவேண்டிய உடம்பு தன் கணையத்தையே அழித்ததால் வந்த சர்க்கரை இது. அப்படிப்பட்ட உடம்பு கழுத்திலிருக்கும் தைராய்டையும் தாக்கலாம். கோதுமை உள்ளே போனால் குடலையும் அரிக்கலாம். இவளுக்கு இரண்டுமே வந்திருக்கிறது. தின்றது உடம்பில் ஒட்டவில்லை, அதனால்தான் சர்க்கரை இறங்கியது, வளர்த்தியும் நின்றது. பல பிள்ளைகளுக்கு வெளியில் ஒன்றுமே தெரியாது. தெரிகிறவரை காத்திருக்கக் கூடாது என்றுதான் அவ்வப்போது சோதிக்கக் கூப்பிடுகிறோம் என்றார்.

இனி கோதுமை, ரவை, மைதா எதுவும் கூடாது. சோறு அளவாகத் தரலாம். தைராய்டுக்குத் தினமும் மாத்திரை. குடல் ஆறி உடம்பு தேறினால் இன்சுலினும் ஏறும். ஏறுவதுதான் நல்லது.

திரும்பும் ரயிலில் தேவகி என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். முடி அரையங்குலம் முளைத்திருந்தது. மணவூர் ஸ்டேஷன் தாண்டியதும் கேட்டாள்.

“மறுபடியும் இருபத்தெட்டாம்மா?”

“ஆங். மேலயும் போவும்.”

“அப்ப முருகன் என்னெ ஏமாத்திட்டாரா?”

பழியை மலைமேல் போட்டுவிட்டுத் தப்பித்திருக்கலாம்.

“அவுரு இல்லடி. டாக்டரு கூப்டுகினே இருந்தாங்க. நான்தான் ஒன்னெ கூட்டிகினு போவல.”

அவள் என் மடியிலிருந்து தலையை எடுத்துக்கொண்டு எதிர்ச் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.