புதன்கிழமைக் கட்டம்

என் வீட்டு பேக்கரியின் இணையப் பக்கத்துக்கு ஏழு நாளுக்கு ஏழு பதிவு. என் நாத்தனார் போன் நோட்டில் ஏழு வரி போட்டுக் கொடுத்துவிட்டு, "அண்ணி, ஞாயித்துக்கிழமையே எல்லாத்தையும் நேரம் குறிச்சு ஏத்திடுங்க. அப்புறம் வாரம் பூரா நிம்மதி" என்றாள். நிம்மதி என்று சொன்னவள் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும்.

என்னிடம் இருப்பது கேக் சுடும் ஒரு மின்னடுப்பும் ஒரு போனும். சமையலறை ஜன்னலில் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் நல்ல வெளிச்சம். அதற்குள் திங்களுக்கு ரொட்டி மாவு உப்புவதை எடுத்தேன். வெள்ளிக்குக் கேக்கை வெட்டி உள்ளடுக்கைக் காட்டினேன். வார இறுதி ஆர்டர் கேட்கும் பதிவை வியாழனுக்குத் தள்ளினேன். வெள்ளியில் கேட்டால் சுட்டுக் கொடுக்க எனக்கென்ன பத்துக் கையா? செவ்வாய், சனி, ஞாயிறு எப்படியோ நிரம்பின. புதன் மட்டும் காலியாகப் பல்லிளித்தது.

அப்போதுதான் மேல்வீட்டு நர்ஸின் கேக்குக்காக எழுதிப் பார்த்த வீடியோ கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு ஊரில் வேலை கிடைத்து வெள்ளிக்கிழமை ராஜினாமா கொடுக்கப் போகிறாள். அன்றைக்கு வார்டுக்கு எடுத்துப் போகத்தான் என்னிடம் கேக் சொல்லியிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாதுக்கா. எங்க மேட்ரன்கிட்ட நானே சொல்லணும். ஊசி புடிக்கக் கத்துக்குடுத்ததே அவங்கதான்" என்றிருந்தாள்.

"என் வாயிலிருந்து வராது" என்று நானும் பெரிய மனுஷி மாதிரி சொல்லியிருந்தேன்.

எழுத்து சரியாக விழுகிறதா என்று ஒரு தட்டில் க்ரீமால் எழுதிப் பார்த்ததைத்தான் வீடியோ எடுத்திருந்தேன். அதன் முகப்புப் படத்தில் 'நன்றி' மட்டும் தெரிந்தது. அழகாகவும் இருந்தது. புதன், மாலை ஏழு மணி என்று குறித்துவிட்டேன். பிறகு ஏழையும் ஒரு தடவை சரிபார்க்கவும் செய்தேன், ஏழு சின்னச் சதுரங்களாக. ஒன்றையும் ஓட்டிப் பார்க்கவில்லை.

புதன் மாலை ஆறரைக்குக் கரண்ட் இல்லை. மத்தியானத்திலிருந்து இல்லை. காலையெல்லாம் அடுத்த வாரத்துக்குப் படம் எடுத்ததில் என் போன் செத்துக் கிடந்தது. நாத்தனார் மாவு சலித்துக்கொண்டே, "இன்னைக்கு அந்த எழுத்து வீடியோதானே? கடைசியில சிட்டுன்னு ஒரு சுழி சுழிச்சீங்களே, சூப்பர் அண்ணி" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நன்றி. போய் வருகிறேன். சிட்டு. மூன்று வரியும் அதில் இருக்கிறது. மேட்ரன் மாதம் தவறாமல் என்னிடம் ரொட்டி வாங்குபவர், என் பதிவு ஒன்றையும் விடாதவர்.

"போன்தான் ஆஃப் ஆயிருக்கே, எப்படிப் போகும்?" என்றேன், நப்பாசையில்.

"போனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அது தானா போயிடும்."

அவள் போனில் என் கணக்கைத் திறந்தோம். கடவுச்சொல் கொடுத்தால் ஆறு இலக்க எண் கேட்டது. அந்த எண் செத்த போனுக்கு வரும். நாசமாய்ப் போக! என் சிம்மைக் கழற்றி அவள் போனில் போடலாம் என்றாள். சிம் தட்டைக் குத்தி எடுக்க ஊசி இல்லை. காதுத் தோட்டைக் கழற்றி அதன் தண்டால் குத்தினேன். இரண்டு தடவை தவறியது. நர்ஸுக்கு அழைத்துச் சொல்லவும் வழியில்லை, டியூட்டியில் போன் லாக்கரில் இருக்கும்.

எண் வந்தபோது ஏழு மணி இரண்டு நிமிடம். உள்ளே போய் அழித்தபோது மூன்று. அதற்குள் ஒரே ஒரு லைக். மேட்ரனுடையது.

எட்டரைக்குச் சிட்டு யூனிஃபார்மோடு வந்து வாசலிலேயே நின்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம்.

"தப்பு என்னுதும்மா" என்றேன்.

"உங்க பதிவைப் பாத்தேன்னாங்க மேட்ரன். திட்டலைக்கா. கிளம்பும்போது தலையில கை வெச்சு, 'நல்லா இரு'ன்னாங்க. அவ்வளவுதான். பத்து நாளா கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்தேன். ஒரு வார்த்தை சொல்ல விடலை."

கேக்குக்கு வாங்கிய முன்பணத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"கேக் வேணும். ஆனா எழுத்து வேற. நான் போறது அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஏன் அவங்ககிட்ட முதல்ல சொல்லலைன்னுதான் தெரியாது. அதை எழுதணும்."

"என்னன்னு எழுதட்டும்?"

"'உங்களைப் பாத்தா அழுதிடுவேன்'னு எழுதுங்க" என்று சொல்லி, அங்கேயே அழுதாள்.