நாங்கள் மட்டும்தான்

காலை வேலை சூடுபிடிக்கும் முன்பே அந்த அழைப்பு வந்தது. அவசர உதவி எண்ணில் பேசுகிறவருக்கு ஊர்மொழி தெரியாவிட்டால், ஆம்புலன்ஸ் அனுப்பும் அலுவலர் பக்கத்து அறையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரையும் இணைப்பில் சேர்த்துக்கொள்வார். அன்று சேர்க்கப்பட்டவள் கிளி. அது அலுவலகத்தில் வைத்த பெயர். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவாள் என்பதால் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமை.

அவளுடைய பெற்றோர் தொலைவில் உள்ள ஒரு தீவிலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்தது, படித்தது எல்லாம் இந்த நகரத்தில். தீவின் மொழி வீட்டில் பேசி வந்ததுதான்.

அன்று அழைத்தவரும் அந்த மொழிக்காரர்தான், ஓர் ஆண். நாக்குக் குழறியது.

"தலை சுத்துதுன்னு சொல்றார். எழுந்திருக்க முடியலையாம். பெண்சாதி வாந்தி எடுத்துட்டாங்களாம்," என்றாள் கிளி.

"வீட்டுல ஹீட்டர் ஏதாவது எரியுதா?"

கேட்டுச் சொன்னாள். "கேஸ் ஹீட்டர். விடிய விடிய எரிஞ்சிருக்கு. ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்காம்."

அலுவலரின் குரல் இறுகியது. "வீட்டுல மொத்தம் எத்தனை பேர்னு கேளுங்க."

கிளி கேட்டாள். அந்த மனிதர் மூச்சு வாங்கியபடி, "கேமாத்தோ. கேமாத்தோ மட்டும்," என்றார்.

"நாங்க மட்டும்தான்னு சொல்றார்."

"அவரும் அவர் மனைவியும். ரெண்டு பேர். அப்படித்தானே?"

"ஆமா," என்றாள் கிளி. மறுமுனையில் போன் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அதன் பிறகு பேச்சே இல்லை.

ஆம்புலன்ஸ் பக்கத்துத் தெருவில்தான் இருந்தது. சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அலுவலர் சொன்ன பிறகுதான் கிளி ஹெட்போனைக் கழற்றினாள். டீ குடிக்க எழுந்து போனாள். வழக்கம்போல அந்த நேரத்துக்கு அம்மா போன் செய்தாள்.

"சாப்பிட்டியா கண்ணு?"

"இன்னும் இல்லம்மா. இன்னிக்கு ஒருத்தர் அச்சு அசல் உன்னை மாதிரியே பேசினார். 'கேமாத்தோ மட்டும்'னார். அந்த வார்த்தையைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு."

"யாரு அந்த மூணு பேரு?"

"மூணு பேர் இல்லம்மா. புருஷனும் பெண்டாட்டியும்."

"அப்படின்னா 'கேமாரு'ன்னுல்ல சொல்லியிருப்பார்? 'கேமாத்தோ'ன்னா நாங்க மூணு பேரு. அதுக்கும் மேல போனாத்தான் வெறும் 'கேமா'. வால்ல ஒட்டிக்கிட்டு நிக்கிற 'தோ'வே நம்ம 'தோலு'தானே? மூணு."

கிளிக்கு அப்போதுதான் உறைத்தது. சின்ன வயதிலிருந்து அந்த மூன்றையும் ஒரே வார்த்தையாகத்தான் நினைத்து வந்திருக்கிறாள். அவசரத்தில் பேசினால் கேமா, பெரியவர்கள் நிறுத்தி நிதானமாகப் பேசினால் கேமாரு, கேமாத்தோ. அவ்வளவுதான் வித்தியாசம் என்று இருந்துவிட்டாள். எத்தனை பேர் என்ற கேள்விக்கு அந்த மனிதர் சரியான பதிலைச் சொல்லியிருக்கிறார். அவர் மொழியில் தனியாக எண் சொல்லத் தேவையே இல்லை. அதுவும் ஒருமுறைக்கு இருமுறை சொல்லியிருக்கிறார்.

டம்ளரை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. பக்கத்து அறைக்கு ஓடினாள்.

"இன்னொருத்தர் உள்ள இருக்காங்க," என்றாள் அலுவலரிடம். "மூணு பேர். அவர் மூணுன்னுதான் சொன்னார். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அலுவலர் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு பேரையும் வெளியே எடுத்தாச்சு. உள்ள விஷவாயு அளவு அதிகம்னு நம்ம ஆளுங்களும் உடனே வெளியே வந்துட்டாங்க. தீயணைப்பு வண்டிக்குக் காத்திருக்காங்க. நிச்சயமாத் தெரியுமா உங்களுக்கு?"

"எங்க அம்மாவுக்கு நிச்சயமாத் தெரியும்."

அலுவலருக்கு அது போதுமாக இருந்தது. ரேடியோவை எடுத்தார். கிளி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரேடியோவில் வண்டி வந்துவிட்டது என்றார்கள். முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போகிறார்கள் என்றார்கள். முன்னறையில் யாரும் இல்லை, பின்னறையிலும் இல்லை என்றார்கள். பிறகு வெறும் இரைச்சல். பிறகு, குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது, உடைக்கிறோம் என்றார்கள்.

அங்கே கிடந்தவள் அந்த மனிதரின் தங்கை. உயிர் இருந்தது.

மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். தங்கைக்கு நினைவு திரும்பத்தான் நாளாயிற்று. செய்தி வந்தபோது அலுவலர் கிளியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். கிளிக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி எத்தனை 'நாங்க' சொல்லியிருப்பாள்? அவற்றில் எத்தனை பேர் இருந்தார்களோ?

வீட்டில் அம்மாவிடம் கேட்டாள். "நான் தப்பாப் பேசறேன்னு ஏம்மா சொல்லவே இல்ல?"

அம்மாவும் ஆடித்தான் போயிருந்தாள். "தப்புன்னு தோணலையே கண்ணு. பள்ளிக்கூடத்துப் பேச்சுல உனக்கு ஒருமை, பன்மை, அவ்வளவுதானே. அதே பழக்கத்துல நீ 'கேமா'வோட எண்ணைச் சேர்த்துப்பே. 'நாங்க ரெண்டு பேரு', 'நாங்க மூணு பேரு'ன்னு. எனக்குப் புரிஞ்சுது, விட்டுட்டேன். நம்ம வீட்டுலயும் எப்பவும் ஒரு கும்பல். மூணே பேர் தனியா இருந்தது எப்போ? அந்த வார்த்தையை நானே எத்தனை தடவை சொன்னேன், நீ எத்தனை தடவை கேட்டே?"

சரியாக மூன்று பேரைப் பற்றிப் பேசும் வேளை எந்த வீட்டிலும் குறைவுதான். குழந்தை காதில் அரிதாக விழும் வடிவம் அதன் வாயில் நிலைப்பதில்லை. எண்ணுப்பெயரை வைத்தே காரியம் நடந்துவிட்டால் அது இல்லாத குறையும் தெரிவதில்லை.

நடந்ததைக் கிளி மொழிபெயர்ப்பாளர்களின் மேற்பார்வையாளரிடம் சொன்னாள். அவர் கறாரான மனிதர், ஆனால் பழியைத் தூக்கி ஒருத்தி தலையில் போட்டுவிட்டுப் போகிறவர் அல்ல. "இந்த மொழிக்கு உன்னைத் தவிர இன்னும் நாலு பேர் வச்சிருக்கோம். அவங்களையும் கேட்டுப் பார்ப்போம்," என்றார். கிளியின் அம்மா பேசிய சில வாக்கியங்களைப் பதிவு செய்து ஒவ்வொருவருக்கும் போட்டுக் காட்டி மொழிபெயர்க்கச் சொன்னார்கள்.

முதல் இளைஞன் எல்லாவற்றுக்கும் "நாங்க" என்றான். இரண்டாமவனும் அப்படியே. மூன்றாவதாக வந்த பெண் 'கேமாரு' வந்ததும் "நாங்க ரெண்டு பேர்" என்று தயங்காமல் சொன்னாள். கிளிக்கு நம்பிக்கை வந்தது. 'கேமாத்தோ' வந்தபோது அந்தப் பெண், "நாங்க கொஞ்ச பேர்," என்றாள்.

"கொஞ்ச பேர்னா எத்தனை?"

"மூணு, நாலு, அஞ்சு. எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவோம்."

மூன்று என்ற பொருள் அவள் வீட்டில் கரைந்து 'சிலர்' ஆகியிருந்தது. இரண்டுக்கான வடிவம் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஒரு மொழி தேயும்போது மூன்றுக்கான மும்மை வடிவம்தான் முதலில் போகும், இரண்டுக்கான இருமை அதற்குப் பிறகு என்று மேற்பார்வையாளர் எங்கோ படித்திருந்தார். இப்போது அதைக் கண்ணெதிரே பார்த்தார்.

கடைசியாக வந்தவர் நடுத்தர வயதுக்காரர், தீவிலேயே வளர்ந்தவர். முதல் வாக்கியத்துக்கு "நாங்க," என்றார். இரண்டாவதுக்கும் "நாங்க." மூன்றாவதுக்கும்.

"உங்களுக்குமா வித்தியாசம் தெரியாது?" என்றாள் கிளி, தாங்க முடியாமல்.

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். "தெரியாம என்னம்மா. முதல்ல வந்தது ரெண்டு பேர், அடுத்தது மூணு பேர், கடைசியில நிறைய பேர்."

"அப்போ ஏன் சொல்லல?"

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல சொல்லிட்டுத்தான் இருந்தேன். வரிக்கு வரி 'நாங்க மூணு பேரும் வந்தோம், எங்க மூணு பேருக்கும் பசிச்சுது'ன்னு. கேக்கறவங்க அவர் அப்படியா சொன்னார்னு மூஞ்சியைச் சுளிப்பாங்க." அவர் மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார். "நீங்கதான் சார் கூப்பிட்டுச் சொன்னீங்க. அவங்க சொல்லாத வார்த்தையைக் கூட்டிச் சொல்லாதீங்க, 'நாங்க'ன்னா 'நாங்க'ன்னு மட்டும் சொல்லுங்கன்னு. அதோட நிறுத்திட்டேன்."

மேற்பார்வையாளர் பதிவை நிறுத்தினார்.

"எப்போ சொன்னேன்?" என்று கேட்டார்.

"வருஷமாச்சு சார்," என்றார் அவர். அதில் கோபம் எதுவும் இல்லை.