மகள் ஊர் மணி

வெளிநாட்டிலிருந்து திரும்பிய மேலாளரின் போன் காட்டிய லாகின் கோட் எண்ணைக் கணினி மூன்றாம் முறையும் மறுத்தது. என் ஹெல்ப் டெஸ்க்குக்கு வந்து எகிறினார்.

"மணி சரியாத்தானே இருக்கு? உங்க சர்வர்தான் கோளாறு!"

போனை வாங்கிப் பார்த்தேன். மணி சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போனது. ஆனால் டைம் ஸோன் இன்னும் அவர் போய்வந்த ஊருடையது.

"ஸோனை மாத்தாம கையால மணியைத் திருப்பிட்டீங்க சார். அதனால போனுக்குள்ள ஓடுற உலகப் பொது நேரமே ரெண்டரை மணி நேரம் தப்பிடுச்சு. அதை வச்சுத்தான் கோட் எண் வரும்."

"ஸோன் வேறயா இருந்தாலும் அந்த நேரம் தப்பாதா?"

என் போனை நீட்டினேன். அதில் என் மகள் படிக்கும் வெளிநாட்டு ஊரின் ஸோன். ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டியது. அதன் கோட் எண் முதல் தட்டிலேயே உள்ளே விட்டது.

அவர் போனில் தானியங்கி நேரத்தைப் போட்டேன். அதன் எண்ணும் உள்ளே விட்டது.

"கோளாறுன்னீங்களே, அந்த சர்வரை அமைச்சதே நான்தான் சார்."