மைனஸ் மூன்று புள்ளி எட்டு

ஒரே வீட்டில் அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்ட இரண்டு பெண்கள் ஒரே கல்லூரியில் ஒரே துறையில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தால் எப்படி இருக்கும் என்று யாரும் பெரியவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் சொல்லியிருப்பாள். பதினொரு வருஷமாக அங்கே வேலை செய்கிறவள் அவள். சின்னவள் வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. அதற்குள் பியூன் முதல் துறைத் தலைவர் வரை எல்லோர் வாயிலும் "சின்ன மேடம், சின்ன மேடம்".

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. சின்னவள் டாக்டர் பட்டம் வாங்கியவள் என்பதை மாமியார் காய்காரனிடம்கூடச் சொல்லிவிட்டாள். பெரியவள் பட்டம் வாங்கவில்லை. வாங்க வேண்டிய வருஷங்களில் இரண்டு பிள்ளை பெற்றாள், மாமனாரின் இடுப்பு எலும்பு முறிவைப் பார்த்துக்கொண்டாள், நடுவில் வெப்ப ஆய்வகத்தையும் ஓட்டினாள். அதை யார் காய்காரனிடம் சொல்கிறார்கள்?

அந்த ஆய்வகம் மட்டும்தான் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது. அதிலும் ஏழாம் சோதனை அவளே பெட்டி செய்து அமைத்தது. மரப்பெட்டி, உள்ளே சுற்றிலும் தெர்மகோல், அதன்மேல் கம்பளித் துணி. ஒரு கிலோ செம்புக் கட்டியை வெந்நீரில் தொண்ணூறு டிகிரிக்குச் சூடாக்கித் துடைத்து, இருபது டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ அலுமினியக் கட்டியோடு ஒட்டவைத்து மூட வேண்டும். இரண்டிலும் துளையிட்டு எண்ணெய் விட்டு வெப்பமானி செருகியிருக்கும். இரண்டும் ஒரே அளவைக் காட்டும்போது குறித்துக்கொள்ள வேண்டும்.

எடை சமம் என்பதால் நடுவில், ஐம்பத்தைந்தில் நிற்கும் என்று எல்லாப் பிள்ளைகளும் முதலில் சொல்வார்கள். நிற்காது. ஒரு டிகிரி ஏற அலுமினியத்துக்குத் தொள்ளாயிரம் ஜூல் வேண்டும், செம்புக்கு முந்நூற்று எண்பத்தைந்து போதும். அதனால் அலுமினியம் சொன்னபடிதான் செம்பு ஆடும், கணக்குப்படி நாற்பத்தொன்றில் நிற்கும். பிறகு என்ட்ரோபி, சூடு எவ்வளவு சிதறிப் பரவிவிட்டது என்பதன் அளவு. சூட்டை விட்ட செம்புக்கு ஐம்பத்தாறு குறையும், வாங்கிய அலுமினியத்துக்கு அறுபத்திரண்டு கூடும். மொத்தத்தில் கெல்வினுக்கு ஆறு புள்ளி மூன்று ஜூல் ஏறும். ஏறித்தான் ஆக வேண்டும். அதே சூடு, சூடான இடத்தை விட்டுப் போகும்போது எடுத்துக்கொண்டு போகும் என்ட்ரோபியைவிடக் குளிர்ந்த இடத்தில் சேர்க்கும் என்ட்ரோபி அதிகம். வெளியே ஒன்றும் போகாத பெட்டியில் மொத்தம் இறங்கவே இறங்காது.

"நாப்பத்தொண்ணு வரணும், வரலேன்னா திரும்பச் செய்" என்பது முதல் வருஷத்திலிருந்தே அவள் வாக்கு. பிள்ளைகளுக்கும் வந்தது. வருஷா வருஷம் எல்லா ரெக்கார்டு நோட்டிலும் நாற்பத்தொன்று, அவள் கையால் சிவப்பு டிக்.

வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வருகிறது. அதற்கு முன் வெப்ப ஆய்வகத்தின் பொறுப்பை ஒருவர் பேரில் எழுதிக் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷம் எழுதாமலே அவள் செய்துவந்த வேலைக்கு இப்போதுதான் பெயரும் நாற்காலியும் வருகிறது. பெரியவள் அதைத் தனக்கென்றே நினைத்திருந்தாள். ஆனால் தலைவர் திங்கட்கிழமை என்ன செய்தார் தெரியுமா? குழுவுக்குக் காட்டும் மாதிரித் தாளுக்காக ஏழாம் சோதனையைச் செய்து எழுதித் தரும்படி சின்னவளிடம் சொன்னார். புதன்கிழமை தாளைப் பார்த்துவிட்டுப் பொறுப்பை முடிவு செய்வதாகவும் சொன்னார். என் பெட்டி, என் கட்டி, எழுதுவது அவளா என்று பெரியவளுக்கு வயிறு எரிந்தது. அன்று முழுக்க யார் வணக்கம் சொன்னாலும் வெடுக்கென்று திரும்பினாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சாப்பாட்டு மேசையில் சின்னவளின் தாள் கிடந்தது. சின்னவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் தாளைப் பார்க்கக்கூடாது என்று பெரியவளுக்குத் தெரியும். பார்த்தாள்.

கடைசி வெப்பநிலை முப்பத்தெட்டரை. மொத்த என்ட்ரோபி மாற்றம், மைனஸ் மூன்று புள்ளி எட்டு.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இன்னொரு தரம் பார்த்தாள். மைனஸ்தான். செல்சியஸைக் கெல்வினாக மாற்ற மறந்திருப்பாளோ என்று மளிகைச் சீட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தாள். மறக்கவில்லை. மடக்கையும் சரி, பெருக்கலும் சரி. அப்படியானால் வெப்பமானியைத் தப்பாகப் பார்த்திருக்கிறாள், வந்த விடை இயற்கைக்கே ஆகாதது என்பதுகூட உறைக்காமல் எழுதிவைத்திருக்கிறாள். டாக்டர் பட்டமாம். பெரியவளுக்கு அந்தச் சாயங்காலம் போல ஒரு சாயங்காலம் வெகு நாளாக வாய்க்கவில்லை. மாமியாருக்குக் கேட்காமலே காப்பி போட்டுக் கொடுத்தாள்.

சாப்பிடும்போது சின்னவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அக்கா, அந்தப் பெட்டி நீங்க செஞ்சதுதானே? அதுல ஒண்ணு கேக்கணும்."

"வீட்டுல எதுக்குக் காலேஜ் பேச்சு? நாளைக்கு அங்கேயே பேசிக்கலாம்" என்று பெரியவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கேட்டால் உதவ வேண்டிவரும். உதவினால் மைனஸ் போய்விடும்.

சின்னவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

புதன்கிழமை காலை தலைவர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தலைவர் தாளை வாங்கி, எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று பாராட்டினார். அந்தப் பாராட்டு முடியும்வரை பெரியவள் பொறுமையாக இருந்தாள். பிறகு, கடைசி வரியைக் கொஞ்சம் பாருங்கள் சார் என்றாள். அடைத்த பெட்டிக்குள் மொத்த என்ட்ரோபி குறைகிறது என்று எழுதி ஆய்வுக் குழுவின் கையில் கொடுத்தால் நம் துறையின் பெயர் என்ன ஆகும் என்று கவலையோடு கேட்டாள். கவலை பாதிதான், மீதி என்னவென்று அவளுக்கே தெரியும்.

தலைவர் கண்ணாடியை இறக்கிச் சின்னவளைப் பார்த்தார். பெரியவளின் ரெக்கார்டில் எப்போதும் நாற்பத்தொன்றுதானே வரும், இதெப்படி என்று கேட்டார். அவர் கை மேசையோரம் அடுக்கியிருந்த பழைய நோட்டுகளின் மேல் இருந்தது.

சின்னவள் அந்தக் கையைப் பார்த்தாள். பெரியவளைப் பார்த்தாள்.

"நான் மூடியைச் சரியா மூடலை போலிருக்கு, சார். என் தப்புதான்" என்றாள்.

அவ்வளவுதான். தலைவர் நோட்டிலிருந்து கையை எடுத்தார். அனுபவம் அனுபவம்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பொறுப்பைப் பெரியவள் பேரில் எழுதினார். வெள்ளிக்கிழமை குழுவின் முன்னால் சோதனையை நீங்களே செய்து காட்டுங்கள் என்றார். பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. நடைக்கூடத்தில் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் அவளே முந்திக்கொண்டு வணக்கம் சொன்னாள்.

மத்தியானம் ஆய்வகத்தில் ஆள் இல்லை. குளிர்சாதனம் இருபது டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்கு ஒத்திகை பார்க்கலாம் என்று செம்பைச் சூடாக்கினாள். தன் கையால் கடைசியாக இதைச் செய்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தாள், நினைவுக்கு வரவில்லை. செய்வது பிள்ளைகள், டிக் போடுவதுதான் அவள். கட்டிகளைச் சேர்த்தாள், மூடியை அழுத்தி மூடினாள், போதாதென்று மேலே இரண்டு தடிப் புத்தகங்களையும் வைத்தாள். காத்திருந்தாள்.

முப்பத்தெட்டரை.

வெப்பமானிகளை மாற்றிச் செருகித் திரும்பச் செய்தாள். முப்பத்தெட்டரையேதான். தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். செம்பு விட்டது பத்தொன்பதாயிரத்து எண்ணூறு ஜூல், அலுமினியம் வாங்கியது பதினாறாயிரத்து அறுநூற்றைம்பது. மூவாயிரத்துச் சொச்சம் ஜூலைக் காணோம். என்ட்ரோபி, மைனஸ் மூன்று புள்ளி எட்டு. காணாமல்போன சூடு அறைக்குத்தான் போயிருக்கும். இருபது டிகிரி அறைக்கு அது கிட்டத்தட்டப் பதினொன்று கூட்டும். அதையும் சேர்த்தால் மொத்தம் ப்ளஸ் ஏழு. இயற்கை தப்புச் செய்யவில்லை. பெட்டிதான் அடைத்த பெட்டி இல்லை.

கம்பளித் துணியைப் பிடித்து இழுத்தாள். பின்னால் இருந்த தெர்மகோல் மாவாக உதிர்ந்து மடியில் கொட்டியது. ஒரு பக்கம் வெறும் பலகைதான் இருந்தது.

இது நேற்று உதிர்ந்ததில்லை. அப்படியானால் வருஷா வருஷம் நாற்பத்தொன்று எங்கிருந்து வந்தது? எங்கிருந்து வரும், கணக்கிலிருந்து வந்தது. வரலேன்னா திரும்பச் செய் என்று சொன்னாள் அல்லவா? பிள்ளைகள் புத்திசாலிகள், திரும்பச் செய்யாமலே வரவைத்துவிட்டார்கள். கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதியவள் சின்னவள் ஒருத்திதான். அவளுடைய மைனஸ் பெட்டி ஒழுகுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதைத்தான் அவள் நேற்றுச் சாப்பாட்டு மேசையில் தனியாகச் சொல்ல வந்தாள். தலைவர் கைக்கு அடியில் எந்த நோட்டுகள் இருந்தன, உண்மையைச் சொன்னால் அவற்றின் சிவப்பு டிக்குகள் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

பெரியவள் மடியில் மாவோடு உட்கார்ந்திருந்தாள். தோற்றிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. பட்டம் இருக்கிறது, பாராட்டு இருக்கிறது, மாமியார் இருக்கிறாள், இந்த மனசையுமா அவளுக்கே கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அதற்கும் வயிறு எரிந்தது. அந்தக் கோபத்தில்தான் சிவப்புப் பேனாவை எடுத்தாள். புதிய தாளில் தன் பெயரைப் போட்டாள், முப்பத்தெட்டரை என்று எழுதினாள், கீழே மைனஸ் மூன்று புள்ளி எட்டு என்று எழுதினாள், பெட்டியின் ஒரு பக்கம் காலி என்றும் எழுதினாள்.

தலைவர் படித்துவிட்டு, எத்தனை வருஷமாக இப்படி என்று கேட்டார். தெரியவில்லை சார், அதுதான் விஷயமே என்றாள். அவர் தாளை இன்னொரு தரம் படித்தார். பிறகு காலையில் எழுதிய காகிதத்தை எடுத்து, அவள் பெயரை அடித்துவிட்டுச் சின்னவள் பெயரை எழுதினார். அவள் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

வீட்டில் சின்னவள் கட்டிலில் உட்கார்ந்து பிள்ளைகளின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் எதிரே உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்தாள்.

"முப்பத்தெட்டரை" என்றாள்.

சின்னவளின் கை நின்றது.

"மூடியை நல்லா மூடியிருந்தியா?"

"மேல ரெண்டு புத்தகம் வெச்சிருந்தேன், அக்கா."

"நானும் ரெண்டுதான் வெச்சேன்." பெரியவள் சட்டைக் காலரை நீவினாள். "தலைவர்கிட்ட சொல்லிட்டேன். லேப் உன் பேர்ல ஆயிடுச்சு. இனிமே எனக்காகப் பொய் சொல்லாதே, உனக்கு அது வரலை. அது ஒண்ணுலதான் நான் உன்னைவிடக் கெட்டிக்காரி. பதினோரு வருஷமா, சிவப்பு மையில."